பீட்டா பிளாக்கர் மாத்திரை: எவ்வளவு வேகமாக நடந்தாலும் நாடி 105-ஐத் தாண்டவில்லை. வாட்ச் சொல்லும் இலக்கு எனக்குப் பொருந்துமா?

வேலூர் செல்வம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது. இந்த ஆண்டு இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மற்ற மாத்திரைகளோடு மெட்டோபுரோலால் சக்சினேட் 50 மி.கி. காலையில் ஒன்று எடுக்கிறேன். தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள், நடக்கிறேன்.

பிரச்சினை என் வாட்ச்தான். என் வயதை வைத்து அதிகபட்சத் துடிப்பு 162 என்று அது எடுத்துக்கொண்டிருக்கிறது. பலன் வேண்டுமானால் 113-க்கு மேல் போக வேண்டும் என்கிறது. மாத்திரைக்கு முன்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே எனக்கு 76 இருக்கும். இப்போது 58. கை வீசி வேகமாக நடந்தால் 96 முதல் 104 வரை போகிறது, அதோடு நின்றுவிடுகிறது. நேற்று கொஞ்சம் ஓடிப் பார்த்தேன். 109 வந்தது. மூச்சு பலமாக வாங்கியது, நின்றதும் தலை சுற்றியது.

நான் நடப்பது போதவில்லையா? 113-ஐ எட்டுவதற்கு வேறு வழி இருக்கிறதா?

கணக்கு வாத்தியார்

செல்வம் சார், இது எளிய கணக்குதான். மாத்திரை துடிப்பைக் குறைக்கிறது. உங்களுக்கு எவ்வளவு குறைத்தது என்பது தெரிந்துவிட்டது: 76-லிருந்து 58, அதாவது 18. அந்த 18-ஐ வாட்ச் சொல்லும் எல்லா எண்ணிலிருந்தும் கழித்துவிடுங்கள். 113 என்றால் 95. மேல் எல்லை 138 என்றால் 120. நீங்கள் 96-104 போகிறீர்கள், ஆகவே சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் முயன்று 120 வரை போகலாம்.

என் அண்ணனுக்கும் இதே மாதிரிதான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

திருச்சி பிசியோ

செல்வம் ஐயா, முதலில் ஒரு வேண்டுகோள். அந்த ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். மூச்சு வாங்கியதும் தலை சுற்றியதும் உங்கள் டாக்டருக்குத் தெரிய வேண்டும். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் போன் செய்து சொல்லிவிடுங்கள். நெஞ்சில் இறுக்கமோ, கை, தாடைப் பக்கம் வலியோ இருந்ததா என்று கேட்பார்கள், அதையும் யோசித்து வையுங்கள்.

நான் இதய நோயாளிகளுக்கான உடற்பயிற்சிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி அங்கே அடிக்கடி வரும். வாத்தியார் சார் சொன்னதில் 95 என்ற எண் உங்களுக்குப் பொருந்தக்கூடும். ஆனால் 120 ஆபத்தான எண். காரணம், இந்த மாத்திரை எல்லா நிலையிலும் ஒரே அளவு குறைப்பதில்லை. சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் குறைக்கும். உழைக்க உழைக்க, அது குறைக்கும் அளவு கூடிக்கொண்டே போகும்.

ஏன் என்று சொல்கிறேன். இதயத்துக்கு நரம்பு வழியாக இரண்டு கட்டளைகள் வருகின்றன. ஒன்று வேகஸ் நரம்பு, அது பிரேக். இன்னொன்று அட்ரினலின் பக்கம், அது ஆக்சிலரேட்டர். இரண்டையுமே எடுத்துவிட்டால் இதயம் தன் போக்கில் எவ்வளவு துடிக்கும் தெரியுமா? இளைஞருக்கு நூறுக்குப் பக்கம், உங்கள் வயதில் சுமார் 85. அப்படியானால் உட்கார்ந்திருக்கும்போது 76 இருந்தது பிரேக்கின் வேலை. அந்த நேரத்தில் அட்ரினலின் கொஞ்சம்தான் இருக்கும், அதனால் அதை மறிக்கும் மாத்திரைக்கும் பிடிக்க அதிகம் இல்லை. 18 குறைந்தது அதனால்தான்.

நடக்கத் தொடங்கியதும் உடம்பு முதலில் பிரேக்கை விடுகிறது. மாத்திரை இதைத் தடுக்காது. அதனால்தான் உங்களுக்கு 58-லிருந்து 90 வரை சிரமமில்லாமல் ஏறுகிறது. அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் அட்ரினலின்தான் தள்ள வேண்டும். அந்தக் கதவைத்தான் மாத்திரை அடைத்து வைத்திருக்கிறது. முழுக்க அடைக்கவில்லை. பலமாக உழைத்தால் அட்ரினலின் அதிகம் சுரந்து கொஞ்சம் தள்ளிப் பார்க்கும், அதனால் துடிப்பு மெல்ல மெல்ல ஏறும். ஆனால் உச்சியில் குறைவது 18 அல்ல, 30, 40 கூட இருக்கலாம்.

ஒரு கேள்வி. ஸ்டென்ட்டுக்குப் பிறகு டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்களா? எடுத்திருந்தால் அன்று காலை மாத்திரை போட்டிருந்தீர்களா? உச்சத்தில் துடிப்பு எவ்வளவு? ரிப்போர்ட்டில் இருக்கும்.

கோமதி, நெல்லை

மேடம், நல்ல வேளை இந்தப் பக்கம் பார்த்தேன். என் அம்மாவுக்கு 71 வயது. பிரஷருக்கு அட்டெனலால் 50 ரொம்ப வருஷமாகப் போடுகிறார். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரில் விரலை வைத்தால் சில நேரம் 41 காட்டுகிறது, சில நேரம் 68. அம்மா நடமாடுகிறார், சமைக்கிறார். ஆனால் கொஞ்ச நாளாகச் சோர்வு என்கிறார். நாடி இவ்வளவு குறைவாக இருந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? நாளை காலை கொடுக்காமல் இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

திருச்சி பிசியோ

கோமதி, நீங்களாக நிறுத்தாதீர்கள். பல வருஷம் இந்த மாத்திரை எடுத்த இதயம், அட்ரினலினுக்கு வழக்கத்தைவிட அதிகக் கூர்மையாகிவிடும். மாத்திரையைத் திடீரென்று விட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும், இதயக் குழாயில் அடைப்பு இருப்பவர்களுக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும் கூட வந்திருக்கின்றன. குறைப்பதாக இருந்தாலும் டாக்டர்தான் படிப்படியாகக் குறைப்பார். அதே சமயம் 41-ம் சோர்வும் சேர்ந்திருப்பதால், காலை மாத்திரைக்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்து கேளுங்கள். இந்த வேளை கொடுக்கலாமா என்று அவர் சொல்லட்டும். நாளைக்கே ஒரு இசிஜி எடுத்துவிடுவது நல்லது. மயக்கம் வந்தாலோ, மூச்சு முட்டினாலோ, குழப்பமாகப் பேசினாலோ போன் எல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்கு.

41, 68 என்று மாறி மாறி வருவதில் இன்னொரு விஷயம் இருக்கலாம். ஆக்சிமீட்டர் எண்ணுவது இதயத் துடிப்பை அல்ல, விரல் நுனிக்கு வந்து சேரும் ரத்த அலையை. நடுவில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், இதயம் நிரம்புவதற்கு முன்பே சுருங்கிவிடும். அந்த அலை விரலுக்கு வராது, கருவியும் அதை எண்ணாது. ஒன்று விட்டு ஒன்று அப்படி வந்தால் 80 துடிப்பு 40 என்று தெரியும். மணிக்கட்டில் நாடி பிடித்தாலும் இதே குறைதான். இடது மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினால் வித்தியாசம் தெரியும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது இந்த மாதிரி ஆட்களுக்கு உதவாது.

இது ஒரு சாத்தியம்தான். உண்மையிலேயே 41 ஆகவும் இருக்கலாம். இசிஜி இல்லாமல் இதை முடிவு செய்ய முடியாது.

பாண்டி கண்ணன்

கோமதி அக்கா, அம்மாவுக்குக் கண்ணில் பிரஷர் இருக்கிறதா? சொட்டு மருந்து ஏதாவது விடுகிறாரா? என் மாமனாருக்கு நாடி 44-க்கு வந்து நின்றது. இதய மாத்திரையைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால் கிளாக்கோமாவுக்கு டிமோலால் என்ற சொட்டு மருந்து. அதுவும் இதே வகை மருந்தாம். கண்ணிலிருந்து மூக்கு வழியாக இறங்கி ரத்தத்தில் கலக்கிறது. கண் டாக்டருக்கு இதய மாத்திரை தெரியாது, இதய டாக்டருக்குச் சொட்டு மருந்து தெரியாது. மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டு போங்கள்.

திருச்சி பிசியோ

கண்ணன் சொன்னது மிகச் சரி. சொட்டு விட்டதும் கண்ணின் உள் மூலையை விரலால் ஓரிரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் ரத்தத்தில் சேருவது குறையும். டில்டியாசெம், வெரபமில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவையும் துடிப்பைக் குறைப்பவை.

வேலூர் செல்வம்

மேடம், ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். டெஸ்ட் அன்று மாத்திரை போட்டுக்கொண்டே வரச் சொன்னார்கள். காலை 7 மணிக்குப் போட்டேன், 10 மணிக்கு டெஸ்ட். தொடங்கும்போது 58. மூன்றாவது கட்டம் ஏறியதும் முடியவில்லை, கால் கனத்து மூச்சு வாங்கியது, நிறுத்தச் சொன்னேன். உச்சம் 118. நெஞ்சுவலி இல்லை. இசிஜியில் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் கீழே “இலக்குத் துடிப்பில் 85 சதவீதத்தை எட்டவில்லை” என்றும் இருக்கிறது. அதைப் படித்துத்தான் நான் பயந்தேன். அதனால்தான் ஓடிப் பார்த்தேன்.

நேற்று நடந்ததை டாக்டரிடம் போனில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வரச் சொன்னார், அதுவரை சாதாரண நடை மட்டும்.

திருச்சி பிசியோ

நல்லது ஐயா. அந்த 85 சதவீத வரி நீங்கள் பலவீனமாக இருப்பதாகச் சொல்லவில்லை. புதிதாக அடைப்பு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க எடுக்கும் டெஸ்ட்டில் இதயத்துக்குப் போதுமான வேலை கொடுத்தோமா என்று பார்ப்பதற்கான அளவு அது. அந்த நோக்கத்துக்காக எடுக்கும்போது சில சமயம் டாக்டரே மாத்திரையை முன்கூட்டி நிறுத்தி வைக்கச் சொல்வார். உங்களுக்குப் போட்டுக்கொண்டே எடுத்தது நடைப்பயிற்சியைத் திட்டமிட நல்ல வசதி. ஏனென்றால் நீங்கள் நடப்பதும் மாத்திரையோடுதான்.

இப்போது கணக்கு. உங்கள் உச்சம் 162 அல்ல, 118. ஓய்வில் 58. இரண்டுக்கும் நடுவே உங்களுக்கு இருக்கும் இடம் 60 துடிப்பு. இந்த 60-ல் 40 சதவீதம் 24. அதை 58-உடன் கூட்டினால் 82. எழுபது சதவீதம் 42, கூட்டினால் 100. ஆக, 82-லிருந்து 100 வரை உங்களுக்கு நல்ல பயிற்சி.

நீங்கள் நடப்பது 96 முதல் 104. அதாவது அந்த 60-ல் 63-லிருந்து 77 சதவீதம் வரை. போதவில்லையா என்று கேட்டீர்கள். போதுமான அளவைத் தாண்டியே போகிறீர்கள். வாட்ச் 162-ஐ வைத்துப் பார்ப்பதால் 96 என்பது அதற்கு 59 சதவீதம், அதனால் லேசான நடை என்கிறது. ஓடியபோது வந்த 109 உங்கள் அளவில் 85 சதவீதம். அந்த நேரத்தில் மூச்சு வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வாட்ச் செட்டிங்கில் அதிகபட்சத் துடிப்பை நாமே மாற்றும் இடம் பெரும்பாலும் இருக்கும். அங்கே 118 என்று போடுங்கள். வியாழக்கிழமை டாக்டரிடம் இந்த 82-100-ஐக் காட்டிச் சரி என்று சொன்ன பிறகு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வாத்தியார்

மேடம் சொன்ன விளக்கம் புரிந்தது. கழிப்பது நிலைக்கு நிலை மாறும் என்றால் என் 120 அவருடைய உச்சத்தையே தாண்டுகிறது. ஆனால் ஒரு சந்தேகம். எல்லோரும் டிரெட்மில் டெஸ்ட் எடுப்பதில்லை. டெஸ்ட் இல்லாதவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கத்தானே வேண்டும்? தேடியதில் இது கிடைத்தது: 164 − (0.7 × வயது). பீட்டா பிளாக்கர் எடுக்கும் இதய நோயாளிகளுக்கென்றே 2004-இல் வந்தது. செல்வம் சாருக்குப் போட்டால் 164 − 40.6, அதாவது 123. உண்மையில் வந்தது 118. இவ்வளவு அருகில் வருகிறதே, இதையே எல்லோருக்கும் வைத்துக்கொள்ளலாமே?

திருச்சி பிசியோ

அந்தச் சூத்திரம் எனக்கும் தெரியும். 220-லிருந்து கழிப்பதைவிட இந்த நோயாளிகளுக்கு நிச்சயமாகப் பொருத்தம். ஆனால் அதே ஆய்வில் பிழை அளவு 18 துடிப்பு என்றும் சொல்லியிருக்கிறார்கள். செல்வம் ஐயாவுக்கு 123 என்றால், 105-லும் இருக்கலாம், 141-லும் இருக்கலாம், அதற்கு வெளியேயும் ஆட்கள் உண்டு. இவருக்கு அருகில் வந்தது அதிர்ஷ்டம். 25 மி.கி. எடுப்பவரும் 100 மி.கி. எடுப்பவரும் ஒரே வயதென்றால் சூத்திரம் ஒரே எண்ணைத்தான் கொடுக்கும்.

டெஸ்ட் இல்லாதவர்களுக்கு நாங்கள் எண்ணை விட்டுவிட்டு உடம்பைத்தான் கேட்கிறோம். போர்க் அளவுகோல் என்று சுவரில் ஒட்டியிருப்போம், 6-லிருந்து 20 வரை. சிரமமே இல்லை என்றால் 6, இதற்கு மேல் முடியாது என்றால் 20. “கொஞ்சம் கஷ்டம்” என்பது 13. பெரும்பாலோரை 11-லிருந்து 13 வரை நடக்கச் சொல்வோம். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் துடிப்பு வரும் என்று பலர் சொல்வார்கள். மாத்திரை எடுப்பவருக்கு அது வராது. 13 என்று சொல்பவரின் நாடி 95 இருக்கும்.

இதைவிட எளிதான சோதனை பேச்சு. நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மாத்திரை நாடியைத்தான் மறைக்கிறது, மூச்சை மறைப்பதில்லை.

ஓட்டக்காரி

நான் இதய நோயாளி இல்லை, 34 வயது. ஒற்றைத் தலைவலிக்காக புரோபிரனலால் 40 மி.கி. இரண்டு வேளை கொடுத்திருக்கிறார்கள். தலைவலி நன்றாகக் குறைந்தது. ஆனால் 10 கிலோமீட்டர் ஓடும்போது முன்பு 165 இருந்த நாடி இப்போது 135. வேகமும் குறைந்துவிட்டது, தொடை கல் மாதிரி இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வாட்ச்சில் VO2 max முன்பைவிட ஏறியிருக்கிறது! ஓட்டம் மோசமாகும்போது இது எப்படி ஏறும்?

திருச்சி பிசியோ

வாட்ச் ஆக்சிஜனை அளப்பதில்லை தங்கை. எந்த வேகத்தில் எவ்வளவு துடிப்பு என்று பார்த்து ஊகிக்கிறது. நடுத்தர வேகத்தில் ஓடும்போது 135-தான் இருக்கிறது என்றால், இவருக்கு இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறது. உண்மையில் உங்கள் உச்சமே கீழே வந்துவிட்டது. அந்த எண்ணையும் கலோரி கணக்கையும் மாத்திரை எடுக்கும் காலம் முழுக்க ஒதுக்கி வையுங்கள்.

துடிப்பு குறைந்த அதே விகிதத்தில் திறன் குறைவதில்லை. மெதுவாகத் துடிக்கும் இதயம் அதிக நேரம் நிரம்பி, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக ரத்தத்தைத் தள்ளும். தசையும் வரும் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஈடு முழுமையாக இருக்காது. செல்வம் ஐயா எடுக்கும் மெட்டோபுரோலால் பெரும்பாலும் இதயத்தின் பக்கம் வேலை செய்வது. உங்களுடையது தசைக்கான ரத்த ஓட்டத்தையும், கொழுப்பும் சர்க்கரையும் எரிபொருளாக வெளிவருவதையும் சேர்த்துத் தடுக்கும். தொடை கனப்பது அதனால் இருக்கலாம். தலைவலிக்கு மெட்டோபுரோலாலும் கொடுக்கிறார்கள். மாற்றுவது உங்களுக்குப் பொருந்துமா என்று நரம்பியல் டாக்டரைக் கேளுங்கள். மாற்றினால் ஓட்டம் திரும்பிவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

கோமதி, நெல்லை

எல்லோருக்கும் நன்றி. காலையில் போன் செய்ததும் மாத்திரை கொடுக்காமல் உடனே அழைத்து வரச் சொன்னார்கள். இசிஜியில் துடிப்பு 62, நடுநடுவே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் இருக்கின்றன. அதனால் ஆக்சிமீட்டர் 41 எல்லா நேரமும் உண்மை இல்லை என்றார் டாக்டர். கண் சொட்டு மருந்து இல்லை. ஆனால் கிரியாட்டினின் கூடியிருக்கிறது. அட்டெனலால் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுமாம், அதனால் உடம்பில் தேங்கலாம் என்று பாதி மாத்திரையாகக் குறைத்திருக்கிறார். 24 மணி நேரம் மாட்டும் ஹோல்டர் கருவி திங்கட்கிழமை. சோர்வு எதனால் என்று இன்னும் தெரியவில்லை. ரத்தசோகையும் பார்க்கிறார்கள்.

வேலூர் செல்வம்

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். 82-100 சரி என்றார். ஆனால் ஓய்வுத் துடிப்பு 52-க்கு வந்திருப்பதாலும் தலை சுற்றியதாலும் மாத்திரையை 25 ஆக்கிவிட்டார். தொடக்கத்திலும் முடிவிலும் பத்து நிமிஷம் மெதுவாக நடக்க வேண்டுமாம், சட்டென்று நிற்கக் கூடாது.

இப்போது என் சந்தேகம்: பழைய கணக்கு 25-க்குப் பொருந்துமா? மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டால் காலை நடை சுலபமாக இருக்குமா?

கணக்கு வாத்தியார்

என் அண்ணன் இரவில்தான் போடுகிறார். காலையில் சுறுசுறுப்பாக இருக்கிறது என்கிறார். மாற்றிப் பாருங்கள் சார்.

திருச்சி பிசியோ

உங்களுடைய மாத்திரை நாள் முழுக்க மெதுவாக வெளியாகும் சக்சினேட். அதில் நேரம் மாற்றினால் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது என் அனுபவம். இரண்டு வேளை போடும் டார்ட்ரேட் என்றால் வேறு கதை. போட்ட ஓரிரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் அப்புறம் இறங்கிவிடும். காலையில் மாத்திரைக்கு முன் நடந்தால் 115, அதே வேகத்தில் பின் நடந்தால் 98 என்று வரலாம். வாத்தியார் சாரின் அண்ணன் எதைப் போடுகிறார் என்று அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள். செல்வம் ஐயா நேரத்தை மாற்றுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். எதுவானாலும் தினமும் ஒரே இடைவெளியில் நடந்தால்தான் இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட முடியும்.

பழைய 118 இனி செல்லாது. 25-இல் உச்சம் கொஞ்சம் மேலே போகும், எவ்வளவு என்று யாராலும் ஊகிக்க முடியாது. ஒரு வாரம் பழகட்டும். அதுவரை எண்ணைப் பார்க்காமல் பேச்சுச் சோதனையோடு, 13-ஐத் தாண்டாமல் நடங்கள். முழு வாக்கியம் பேசிக்கொண்டு நடக்கும்போது வாட்ச் என்ன காட்டுகிறது என்று தினமும் குறித்து வையுங்கள். டாக்டர் மறுபடி டிரெட்மில் வேண்டும் என்றால், 25 போட்டுக்கொண்டே, நீங்கள் வழக்கமாக நடக்கும் நேரத்தில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கணக்கு வாத்தியார்

அட்டையைப் பார்த்தேன். டார்ட்ரேட் 25, இரண்டு வேளை. காலை மாத்திரையை நடந்து வந்த பிறகுதான் போடுகிறாராம்.